தொட்டியை ஒழிக்காத பூஸ்டர்: கம்பம் பள்ளத்தாக்கின் மாடிக் கட்டடங்களுக்கு ஒரு கணக்கு

பண்ணைப்புரம், கோம்பை, தேவாரம் போன்ற மலையடிவாரப் பேரூராட்சிகளில் கடைவரிசைக்கு மேல் மூன்று மாடி எழுப்பி அறைகள் வாடகைக்கு விட நினைப்பவருக்கு ஒரு கேள்வி தவறாமல் வரும். மொட்டைமாடியில் தொட்டி இருக்கும், அதில் தண்ணீரும் இருக்கும். ஆனாலும் மேல்தளத்துக் குளியலறையில் ஷவர் நூலாகத்தான் ஒழுகும். இதற்குச் சந்தை சொல்லும் மருந்து பிரஷர் டேங்க், ஓடுவதற்கும் காத்திருப்பதற்குமாக இரண்டு பம்பு, ஒரு கன்ட்ரோல் பேனல் எல்லாம் ஒரே இரும்புச் சட்டத்தில் பொருத்தி வரும் ஹைட்ரோநியூமேட்டிக் பூஸ்டர் செட். அதோடு ஒரு யோசனையும் சேர்ந்து வருகிறது: தரைத்தொட்டியிலிருந்தே பூஸ்டர் நேராக எல்லாத் தளத்துக்கும் தள்ளிவிடும், மேல்நிலைத் தொட்டியே தேவையில்லை, மொட்டைமாடி மிச்சம் என்பார்கள். அந்த யோசனையின் முதல் பாதி சரி, இரண்டாம் பாதி இந்தப் பகுதிக்குப் பொருந்தாது என்பது என் முடிவு. பூஸ்டர் வேண்டும். அது மேல்நிலைத் தொட்டிக்குப் பதிலாக வரக்கூடாது, தொட்டியின் கீழே, மேல் தளங்களுக்கு மட்டும் வரவேண்டும். எங்கே வைத்தாலும் அதன் ஆயுளை முடிவுசெய்வது பம்பின் குதிரைசக்தி அல்ல, டேங்கின் உள்ளே அடைபட்டிருக்கும் காற்று. இந்த இரண்டையும் எண்களோடு பார்ப்பதுதான் இக்கட்டுரை.

உயரம் எப்படி அழுத்தமாகிறது என்பதை இந்தப் பள்ளத்தாக்குக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1895-இல் பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்து கிழக்கே திரும்பி, லோயர் கேம்ப்பில் ராட்சதக் குழாய்கள் வழியாக இறங்கி மின்சாரம் தருவது வெறும் உயரத்தின் வேலை. கட்டடத்துக்கும் அதே கணக்குதான். 10 மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய 1 பார் அழுத்தம். ஒரு ஷவர் மனம் நிறையப் பொழிய 1 பாருக்குச் சற்று மேல் வேண்டும். தளத்துக்கு 3.3 மீட்டர் என்று கட்டிய தரை மற்றும் மூன்று மாடிக் கட்டடத்தில் மேல்நிலைத் தொட்டியின் அடிமட்டம் தரையிலிருந்து 15 மீட்டரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்றாம் தளத்து ஷவர் 12 மீட்டரில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே 3 மீட்டர்தான், அதாவது 0.3 பார். குழாய், வளைவு, வால்வு இவை தின்றது போக 0.2 பார் மிஞ்சினால் அதிகம். இரண்டாம் தளத்துக்கு 0.6 பார் கிடைக்கும், அரைகுறை. முதல் தளத்துக்குக் கிட்டத்தட்ட 1 பார், போதுமானது. தரைத்தளத்து ஓட்டல் சமையற்கட்டுக்கு 1.4 பார், தாராளம். ஆக, குறை இருப்பது மேலுள்ள இரண்டு தளங்களில் மட்டும். முழுக் கட்டடத்துக்கும் மருந்து கொடுப்பதற்கு முன் இதைக் கவனித்திருக்க வேண்டும்.

இனி செட்டின் உள்ளே போவோம். பம்பு ஓடும்போது தண்ணீரின் ஒரு பகுதி குழாய்க்கும் மீதி பிரஷர் டேங்குக்கும் போகிறது. டேங்கில் ஒரு ரப்பர் பை இருக்கிறது. பைக்குள் தண்ணீர், பைக்கும் இரும்பு உடலுக்கும் நடுவே காற்று. தண்ணீர் உள்ளே ஏற ஏறக் காற்று நசுங்கும், அழுத்தம் கூடும். மேல் எல்லையைத் தொட்டதும் பேனல் பம்பை நிறுத்தும். பிறகு யாராவது குழாயைத் திறந்தால் பம்பு உடனே ஓடாது. நசுங்கிய காற்று விரிந்து பையிலிருக்கும் தண்ணீரைத் தள்ளிக் கொடுக்கும். அழுத்தம் கீழ் எல்லைக்கு இறங்கினால்தான் பம்பு மறுபடி எழும். பழைய காலத்துச் செட்டுகளில் ரப்பர் பை கிடையாது, வெறும் இரும்புத் தொட்டியில் காற்றும் தண்ணீரும் நேராகத் தொட்டுக்கொண்டிருக்கும். அழுத்தத்தில் காற்று கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைந்து போய்விடுவதால் அதற்கென்று ஒரு கம்ப்ரசரும் தேவைப்பட்டது. ரப்பர் பை அந்தத் தொல்லையைக் குறைத்தது, முழுக்கப் போக்கவில்லை. ரப்பரை ஊடுருவியும், காற்றடைக்கும் வால்வின் ஊசி வழியாகவும் காற்று மெதுவாகக் குறைந்துகொண்டேதான் இருக்கும்.

இந்தக் காற்று எவ்வளவு தண்ணீரைத் திருப்பித் தரும் என்பதற்கு 1662-இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதியே போதும்: அழுத்தம் இரட்டிப்பானால் காற்றின் கன அளவு பாதியாகும். ஒரு நிபந்தனை உண்டு. கேஜில் காட்டும் அழுத்தத்தோடு வளிமண்டலத்தின் 1 பாரையும் கூட்டித்தான் கணக்கிட வேண்டும். இதை மறந்து கேஜ் எண்ணையே நேராகப் போட்டால் டேங்க் தரும் அளவு கூடுதலாகத் தெரியும், சிறிய டேங்கை வாங்கிவிட நேரும்.

பண்ணைப்புரத்தின் சாலையோரம் இப்படியொரு கட்டடம் எழுவதாக வைத்து, சந்தை சொல்கிறபடியே முதலில் கணக்குப் போடுவோம். கீழே 40 இருக்கை கொண்ட ஓட்டல், மேலே மூன்று தளங்களில் தளத்துக்கு 8 என்று 24 அறைகள், அறைக்கு இருவர். விடுதியில் ஆளுக்கு நாளொன்றுக்கு 180 லிட்டர், உணவகத்தில் இருக்கைக்கு 70 லிட்டர் என்பது கட்டட நீர்த் தேவைக்கு இந்தியத் தர நிர்ணயங்கள் வைத்துப் பழகிய கணக்கு. மொத்தம் ஏறக்குறைய 11,500 லிட்டர். பம்பின் அளவைத் தீர்மானிப்பது இந்த மொத்தம் அல்ல, காலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையே ஒரே நேரத்தில் ஓடும் தண்ணீர். பாதி அறைகளில் ஷவர் ஒன்றாக ஓடினால், நிமிடத்துக்குப் பத்து லிட்டர் வீதம், 120. சமையற்கட்டுக்கும் நிரம்பிக்கொண்டிருக்கும் ஃபிளஷ் தொட்டிகளுக்கும் இன்னொரு 40. ஆக நிமிடத்துக்கு 160 லிட்டர். அழுத்தத்துக்கு வந்தால், ஷவர் இருக்கும் 12 மீட்டர், ஷவரில் மிஞ்ச வேண்டிய 12 மீட்டர், குழாய் உராய்வுக்கு 6 மீட்டர் என்று 30 மீட்டர், அதாவது 3 பார். பம்பு 3 பாரில் எழுந்து 4 பாரில் நிற்கட்டும். இதற்கு 3 எச்.பி. பம்பு இரண்டு வேண்டும், ஒவ்வொன்றும் தனியாகவே 160 லிட்டரையும் தரவேண்டும்.

டேங்க் எவ்வளவு பெரியது? காற்றை எழும் அழுத்தத்துக்குச் சற்றுக் கீழே, 2.8 பாரில் அடைப்பது வழக்கம். வளிமண்டலத்தைக் கூட்டினால் காற்று 3.8, எழுவது 4, நிற்பது 5. 3.8-ஐ 4-ஆல் வகுத்தால் 0.95, 5-ஆல் வகுத்தால் 0.76. வித்தியாசம் 0.19. அதாவது டேங்கின் மேல் எழுதியிருக்கும் கொள்ளளவில் நூற்றுக்குப் பத்தொன்பது பங்குதான் பம்பு ஓடாமல் கையில் கிடைக்கும் தண்ணீர். 100 லிட்டர் டேங்க் தருவது 19 லிட்டர், 300 லிட்டர் டேங்க் தருவது 57 லிட்டர். டேங்கின் பெயரில் உள்ள எண்ணைப் பார்த்து அத்தனை லிட்டர் கையிருப்பு என்று நம்புவது இந்தத் துறையில் பரவலாக நடக்கும் பிழை.

அந்த 57 லிட்டர் எதற்கு? குடிக்கவோ குளிக்கவோ அல்ல. மோட்டார் அடிக்கடி எழுந்து நிற்காமல் பார்த்துக்கொள்ள. நேரடி ஸ்டார்ட்டரில் ஒவ்வொரு முறை எழும்போதும் மோட்டார் வழக்கமான மின்னோட்டத்தைப் போல ஆறு மடங்கு வரை இழுக்கும். அந்தச் சூடு சுருளில் தங்கும், ஆறுவதற்குள் மறுபடி எழுந்தால் காப்பு வெந்துபோகும். தேவை பம்பின் திறனில் சரிபாதியாக இருக்கும் நேரம்தான் மிக மோசமான நேரம். அப்போது டேங்க் நிரம்பும் நேரமும் வடியும் நேரமும் சமமாகி, சுற்று மிகக் குறுகிப்போகும். கணக்குப் போட்டால் அந்தச் சுற்றின் நேரம், டேங்க் தரும் தண்ணீரின் நான்கு மடங்கைப் பம்பின் ஓட்டத்தால் வகுத்தது. 100 லிட்டர் டேங்கென்றால் 28 விநாடிக்கு ஒரு முறை, மணிக்கு 126 தடவை. 300 லிட்டர் டேங்கென்றால் மணிக்கு 42 தடவை. இந்த அளவு மோட்டாருக்கு மணிக்கு 20, 25 தடவைக்குள் வைத்திருப்பது நல்லது. 42 என்பது அதற்கு மேல்தானே என்று கேட்கலாம். இங்கேதான் இரண்டாவது பம்பு சும்மா நிற்பதில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் பேனல் பம்புகளை மாற்றி மாற்றி எழுப்பினால் ஆளுக்கு 21 தடவைதான். டேங்கின் அளவும் முறை மாற்றமும் சேர்ந்துதான் மோட்டாரைக் காப்பாற்றுகின்றன. ஒரு பம்பு பழுதாகிக் கழற்றப்பட்டால் மிஞ்சிய பம்பின் மேல் 42 தடவையும் விழும் என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும். அதனால் பழுதுபார்ப்பை மாதக்கணக்கில் ஒத்திப்போட முடியாது.

இந்தக் கணக்கில் எல்லா எண்ணும் நின்ற இடத்தில் நிற்க, காற்று மட்டும் குறைந்தால் என்ன ஆகும்? 2.8 பாரில் அடைத்த காற்று 1 பாருக்கு இறங்கிவிட்டதென்று வைப்போம். அதே 300 லிட்டர் டேங்க் இப்போது தருவது 30 லிட்டர், மோட்டார் மணிக்கு 80 தடவை எழுகிறது. காற்று முற்றிலும் போய் வளிமண்டல அளவே மிஞ்சினால் 15 லிட்டர், மணிக்கு 160 தடவை. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு எதுவும் மாறியிருக்காது. ஷவரில் தண்ணீர் வருகிறது, கேஜ் 3-க்கும் 4-க்கும் நடுவே ஆடுகிறது. பேனலில் கான்டாக்டர் மட்டும் டக் டக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். சில மாதங்களில் கான்டாக்டர் முனை ஒட்டிக்கொள்ளும், அல்லது மோட்டார் கருகும். மோட்டாரைச் சுற்றிக் கொண்டுவந்து மாட்டினால் அடுத்த சில மாதத்தில் அதுவும் கருகும். ‘மோட்டார் சரியில்லாத கம்பெனி’ என்று பழி போய்விழும். காற்றை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

பார்ப்பதோ எளிது. கேஜ் 4-ஐத் தொட்டுப் பம்பு நின்றதும் பேனலில் இரண்டு பம்பையும் அணைத்துவிட்டு, கட்டடத்தில் வேறு எங்கும் தண்ணீர் ஓடாத நேரமாகப் பார்த்து, செட்டுக்குப் பக்கத்தில் ஒரு குழாயைத் திறந்து 20 லிட்டர் பக்கெட்டில் பிடிக்க வேண்டும். கேஜ் 3-க்கு இறங்குவதற்குள் மூன்று பக்கெட்டுக்குச் சற்றுக் குறைவாக நிறைந்தால் காற்று நலம். ஒன்றரை பக்கெட்டில் 3-க்கு வந்துவிட்டால் பாதிக் காற்று போய்விட்டது என்று பொருள். ஒரு பக்கெட் நிறைவதற்குள்ளேயே முள் விழுந்தால் டேங்க் இருப்பதும் இல்லாததும் ஒன்று. அடுத்து டேங்கின் வால்வை அடைத்து, உள்ளிருக்கும் தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு, தலையில் இருக்கும் காற்று வால்வில் டயர் கேஜை வைக்கலாம். அது வண்டி டயரில் இருப்பதுபோன்ற அதே வால்வுதான், பஞ்சர் கடைக் கேஜே போதும். 2.8 பார் என்பது 40 பி.எஸ்.ஐ. தண்ணீரை வடிக்காமல் கேஜை வைத்தால் தண்ணீரின் அழுத்தத்தைத்தான் காட்டும், அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. ஊசியை அழுத்தும்போது காற்றுக்குப் பதில் தண்ணீர் பீறிட்டால் ரப்பர் பை கிழிந்துவிட்டது, எத்தனை முறை காற்றடித்தாலும் நிற்காது, பையை மாற்றத்தான் வேண்டும். எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. ‘நல்லா இருக்கட்டும்’ என்று 3.5 பாருக்குக் காற்றடித்துவிடுவார்கள். அப்போது அழுத்தம் 3-க்கு இறங்கிப் பம்பு எழும் முன்பே பை காலியாகிவிடும். ஷவரில் தண்ணீர் ஒரு கணம் விக்கி மறுபடி வரும், பையும் ஒவ்வொரு முறையும் டேங்கின் வாயில் மோதி நைந்துபோகும். அந்த விக்கல்தான் காற்று கூடுதல் என்பதற்கான அடையாளம்.

காத்திருக்கும் பம்பைப் பற்றி எழும் முதல் ஆட்சேபம் செலவு. ஓடாத ஒரு பம்புக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும்? முறை மாற்றிப் பாதிச் சுமையை அது சுமப்பதால் அது ஓடாத பம்பே அல்ல என்பது ஒரு பதில். மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற பம்பு, தேவைப்படும் நாளில் சுழலாது என்பது இன்னொன்று. இந்தப் பகுதி ஆழ்துளைக் கிணறுகளில் கடினநீர் வரும் இடமென்றால் நின்ற பம்பின் இம்பெல்லரிலும் மெக்கானிக்கல் சீலிலும் உப்புப் படிந்து இறுகிவிடும். ஆனால் இதைவிட ஆழமான கேள்வி, இரண்டு பம்பு இருந்தும் அவை உண்மையில் இரண்டுதானா என்பது. ஒரே பிரஷர் ஸ்விட்ச்சை நம்பி இரண்டும் ஓடினால் அந்த ஸ்விட்ச் அடைத்துக்கொண்ட அன்று இரண்டும் சேர்ந்தே நிற்கும். அதனால் இரண்டாவது ஸ்விட்ச் ஒன்று சற்றுத் தாழ்ந்த அழுத்தத்தில், இந்தக் கட்டடத்தில் 2.6 பாரில், காத்திருக்கும் பம்பைத் தனியாக எழுப்ப வேண்டும். முதல் பம்பு டிரிப் ஆனாலும், அன்று கல்யாணக் கூட்டம் வந்து தேவை கூடினாலும் அதுவே கைகொடுக்கும். ஒவ்வொரு பம்புக்கும் தனி என்.ஆர்.வி., முன்னும் பின்னும் தனி வால்வு இல்லாவிட்டால் ஒன்றைக் கழற்ற முழுக் கட்டடத்தையும் அடைக்க வேண்டியிருக்கும்.

என்.ஆர்.வி. பற்றி இன்னும் ஒரு வார்த்தை. நின்றிருக்கும் பம்பின் என்.ஆர்.வி. இருக்கையில் ஒரு மணலோ உப்புக் கட்டியோ சிக்கினால், ஓடும் பம்பு தள்ளும் தண்ணீர் அதன் வழியே திரும்பி உறிஞ்சு குழாய்க்கே போய்விடும். பம்பு ஓடிக்கொண்டே இருக்கும், அழுத்தம் 4-ஐத் தொடாது. நிறுத்தி வைத்த மோட்டாரின் பின்புற விசிறி மெதுவாகத் தலைகீழாகச் சுற்றுகிறதா என்று பார்த்தால் போதும், குற்றவாளி தெரிந்துவிடும். அப்படிச் சுற்றும் மோட்டாரை எழுப்பினால் ஓவர்லோடு ரிலே தட்டும். ரிலேயைத் தளர்த்தி வைப்பது அதற்கு வைத்தியம் ஆகாது.

இந்தக் காற்றுக் கணக்கெல்லாம் பழைய கதை, இப்போது வி.எஃப்.டி. வந்துவிட்டது, மோட்டாரின் வேகமே தேவைக்குத் தக்கபடி கூடும் குறையும், பெரிய டேங்க் எதற்கு, மின்சாரமும் மிச்சம் என்பது வலுவான ஆட்சேபம். அதில் உண்மை இருக்கிறது. மென்மையாக எழுவதால் மோட்டார் சுருளுக்கு நிம்மதி, ஷவரில் அழுத்தம் ஆடாது. பெரிய டேங்க் தேவையில்லை என்பதும் சரி. டேங்கே தேவையில்லை என்பது சரியல்ல. இரவு இரண்டு மணிக்கு ஏதோவொரு அறையின் ஃபிளஷ் தொட்டி நிமிடத்துக்கு அரை லிட்டர் கசிந்துகொண்டிருக்கும். அந்த அரை லிட்டருக்காக பம்பு மிகக் குறைந்த வேகத்தில் தண்ணீரை உள்ளேயே கடைந்து சூடாக்கிக்கொண்டிருக்கக் கூடாது, அது தூங்க வேண்டும். தூங்கும்போது அழுத்தத்தைத் தாங்குவது டேங்கின் காற்றுதான். 3.3 பாரில் விழித்து 3.8 பாரில் தூங்கும்படி வைத்த செட்டில், காற்று 2.45 பாரில் இருந்தால், 60 லிட்டர் டேங்க் தருவது ஏறக்குறைய 5 லிட்டர். அந்தக் கசிவுக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை விழித்தால் போதும். காற்று போய்விட்டால் விழிப்பும் தூக்கமும் மாறி மாறிக் காலைவரை ஓயாது. வி.எஃப்.டி. உள்ள செட்டிலும் பக்கெட்டும் டயர் கேஜும் வேண்டியதுதான்.

மின்சாரச் சிக்கனத்தையும் அளந்து பார்க்கலாம். வேகம் பாதியானால் மின்சாரம் எட்டில் ஒரு பங்காகும் என்ற விதி, தண்ணீர் ஒரே மட்டத்தில் சுற்றிவரும் இடத்துக்குப் பொருந்தும். இங்கே தேவை குறைந்தாலும் 12 மீட்டர் உயரம் குறையாது, ஷவரில் வேண்டிய 12 மீட்டரும் குறையாது. 30-இல் குறையக்கூடியது உராய்வின் 6 மீட்டர் மட்டும். வேகம் பாதியானால் பம்பின் அழுத்தம் கால் பங்காகிவிடும், மூன்றாம் தளத்துக்குத் தண்ணீரே ஏறாது. எனவே வேகம் கொஞ்சம்தான் இறங்க முடியும், மிச்சமும் கொஞ்சம்தான். வசதிக்காக வி.எஃப்.டி. வாங்குவதில் தவறில்லை, கரண்ட் பில்லைக் காட்டி விற்றால் கணக்கைக் கேட்க வேண்டும். இன்னொன்று, எலெக்ட்ரானிக் பலகை கெட்டால் கையால் ஓட்ட ஒரு நேரடி ஸ்டார்ட்டர் பைபாஸ் பேனலிலேயே இருக்க வேண்டும். நேரடி ஸ்டார்ட்டரை உள்ளூர் எலெக்ட்ரீஷியன் அரை மணியில் சரிசெய்வார், பலகைக்கு அப்படிச் சொல்ல முடியாது.

இப்போது என் முதல் வாதத்துக்கு வருகிறேன். மேலே போட்ட கணக்கில் காற்று, டேங்க், பம்பு, பேனல் எல்லாமே குறையின்றி அமைந்துவிட்டதாகவே இருக்கட்டும். காலை ஏழு மணிக்கு மின்சாரம் நின்றால் அந்தச் செட்டில் மிஞ்சியிருப்பது அதிகபட்சம் 57 லிட்டர். நிமிடத்துக்கு 160 லிட்டர் போகும் நேரத்தில் அது 21 விநாடி. அதன்பின் தரைத்தளத்து ஓட்டலில் கை கழுவும் குழாயில்கூடத் தண்ணீர் வராது, உயரமே தேவைப்படாத இடத்துக்கும் மின்சாரத்தை நம்ப வைத்துவிட்டோம் என்பதால். ஜெனரேட்டர் இருக்கிறதே என்றால், அது எழாத ஒரு நாளும் வரும். விவசாய மோட்டார்கள் நிறைந்த ஊர்ப் பாதைகளில் மின்சாரம் முற்றிலும் நிற்பது ஒரு வகைத் தொல்லை. வோல்டேஜ் தாழ்வதும், மூன்றில் ஒரு பேஸ் மட்டும் போவதும் வேறு வகை. பேனல் தன் கடமைப்படி அப்போது பம்பை நிறுத்திவிடும், அது சரியும்கூட. விளக்கு எரிந்துகொண்டிருக்கும், தண்ணீர் மட்டும் இருக்காது. மொட்டைமாடியில் 6,000 லிட்டர் தொட்டி இருந்தால் அரைநாள் தேவை அங்கே இருக்கிறது, அதை இறக்க எந்த மின்சாரமும் வேண்டாம்.

ஆகவே அதே செட்டை மொட்டைமாடிக்கு ஏற்றித் தொட்டியின் கீழே வைத்து மறுபடி கணக்குப் போடுவோம். தரைத்தளமும் முதல் தளமும் தொட்டியிலிருந்து நேராக இறங்கும் குழாயில் இருக்கட்டும். இரண்டாம், மூன்றாம் தளங்களின் 16 அறைகள் மட்டும் பூஸ்டருக்கு. உச்சத் தேவை நிமிடத்துக்கு 100 லிட்டர். பம்பு மூன்றாம் தளத்து ஷவருக்கு மேலேயே நிற்பதால் உயரம் ஏற்ற வேண்டியதில்லை. ஷவரில் வேண்டிய அழுத்தமும் உராய்வும் மட்டும்தான். 1.5 பாரில் எழுந்து 2.5 பாரில் நின்றால் போதும். 3 எச்.பி. இரண்டுக்குப் பதில் 1 எச்.பி. இரண்டு. டேங்கிலும் ஒரு லாபம் இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. அழுத்தம் தாழ்ந்த இடத்தில் அதே 1 பார் இடைவெளிக்குக் காற்று கூடுதலாக விரியும். 1.3 பாரில், அதாவது 19 பி.எஸ்.ஐ. அளவில் காற்றடைத்தால், டேங்க் தருவது நூற்றுக்கு 19 அல்ல, 26. 200 லிட்டர் டேங்கே 52 லிட்டர் தரும். மிக மோசமான நேரத்திலும் மணிக்கு 29 தடவை, இரண்டு பம்புக்கும் பிரித்தால் ஆளுக்குப் பதினைந்துக்கும் கீழே. தண்ணீர் மேலிருந்து தானாகவே பம்புக்குள் இறங்குவதால் ஃபுட் வால்வு கசிந்து பம்பு காற்று வாங்கும் தொல்லையும் இல்லை. மேல்தொட்டியில் தண்ணீர் தாழ்ந்தால் பம்பை நிறுத்தும் ஒரு மிதவை ஸ்விட்ச் மட்டும் அவசியம். உலர்ந்து ஓடினால் சீல் சில நிமிடங்களில் போய்விடும்.

இந்த அமைப்பின் உயிர் ஒரு சிறிய குழாயில் இருக்கிறது. தொட்டியிலிருந்து பூஸ்டரைச் சுற்றிக்கொண்டு நேராக டெலிவரிக் குழாய்க்குப் போகும் பைபாஸ், அதில் ஒரு என்.ஆர்.வி. பம்பு ஓடும்வரை டெலிவரியில் அழுத்தம் கூடுதல் என்பதால் அது மூடியே இருக்கும். மின்சாரம் நின்று டேங்கும் வடிந்ததும் தொட்டித் தண்ணீர் அதைத் தள்ளித் திறந்துகொண்டு தானாக இறங்கும். யாரும் மேலே ஓடிப்போய் வால்வைத் திருப்ப வேண்டியதில்லை. மூன்றாம் தளத்தில் ஷவர் பொழியாது, உண்மை. ஆனால் தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் இருக்கும் பக்கெட் குழாய்க்குத் தொட்டியிலிருந்து நான்கரை மீட்டர் இறக்கம் இருக்கிறது, மெதுவாகவாவது பக்கெட் நிறையும், ஃபிளஷ் தொட்டியும் நிறையும். பம்பு நிற்காமல் ஓடுகிறது, மேல் எல்லையைத் தொடவில்லை என்றால் முதலில் இந்த பைபாஸ் என்.ஆர்.வி.யைச் சந்தேகிக்க வேண்டும். அது கசிந்தால் பம்பு தொட்டித் தண்ணீரைத் தொட்டிக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கும்.

இதற்கும் ஆட்சேபங்கள் உண்டு, அவற்றில் சில கனமானவை. தேனி மாவட்டத்து வெயிலில் மொட்டைமாடியில் வைத்த பேனலும் ரப்பர் பையும் சீக்கிரம் கெடும் என்பது நியாயம். கூரையும் பக்கவாட்டில் காற்றோட்டமும் உள்ள ஒரு சிறு அறை இல்லாமல் அங்கே எதையும் வைக்கக் கூடாது, அந்த அறையின் செலவையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். கீழே தூங்குபவருக்குச் சத்தம் கேட்கும் என்பதும் உண்மை. சட்டத்துக்கு அடியில் ரப்பர் பாதமும், குழாய் இணைப்பில் வளையும் பெல்லோஸும் போட்டு, செட்டை அறைகளுக்கு மேலே வைக்காமல் படிக்கட்டுக்கு மேலே வைத்தால் பெரும்பாலும் தீரும். மேல்நிலைத் தொட்டியில் பாசியும் கொசுவும் சேரும் என்பார்கள். மூடி இறுகியிருந்து, வழிந்தோடும் குழாயில் வலை இருந்தால் சேராது. தரைத்தொட்டிக்கும் அதே கவனம் வேண்டும், அங்கே சாக்கடை நீர் கசியும் ஆபத்தும் கூடுதல். மின்சாரச் செலவில் பெரிய வித்தியாசம் இருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். எல்லாத் தண்ணீரையும் எப்படியும் மேலே ஏற்றத்தானே வேண்டும். இந்தக் கட்டடத்தில் இரு முறைகளுக்கும் இடையே நாளுக்கு ஒரு யூனிட்டுக்கும் குறைவாகவே வரும்.

பெரிய நகரத்து ஓட்டல்கள் எல்லாம் தரையிலிருந்தே பூஸ்டர் வைக்கின்றனவே என்பது மிச்சமிருக்கும் கேள்வி. அங்கே இருபத்துநான்கு மணி நேரமும் ஆள் இருக்கிறார், ஜெனரேட்டர் விநாடிகளில் எழுகிறது, பராமரிப்பு ஒப்பந்தக்காரர் அன்றே வருகிறார். பத்து மாடிக்கு மேல் போனால் தளங்களைப் பிரித்து அழுத்தம் கொடுக்க வேறு வழியும் குறைவு. ஆனால் அப்படிப்பட்ட நகரங்களில்கூடத் தொட்டி ஒழிந்துவிடவில்லை. நியூயார்க்கில் ஆறு மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களின் உச்சியில் மரப்பலகைத் தொட்டிகள் இன்றும் நிற்கின்றன. மொட்டைமாடியில் தொட்டியைத் தாங்க முடியாத பழைய கட்டடம், உச்சியில் இடமே இல்லாத கட்டடம் இவற்றுக்குத் தரையிலிருந்து தள்ளும் செட்டைத் தவிர வேறு வழியில்லை. அங்கேயும் தரைத்தளத்தை மட்டுமாவது ஒரு சிறு தொட்டியில் தனியே பிரித்துவிடலாம். புதிதாகக் கட்டுபவருக்கு அந்த நெருக்கடி இல்லை. தொட்டிக்குக் கீழே ஒரு சிறு அறைக்கும், மேல் இரண்டு தளங்களுக்குத் தனி இறங்குகுழாய்க்கும் கட்டட வரைபடத்திலேயே இடம் விட்டால் போதும். பூசி முடித்த பிறகு குழாயைப் பிரிப்பது பூஸ்டரை விடச் செலவாகும்.

எனவே கட்டடம் எழுப்புபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். செட்டைப் பொருத்தி ஓட்டிக் காட்டும் நாளில் ஷவரைத் திறந்து பார்த்துத் திருப்தியடைந்து கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். பேனல் கதவின் உட்புறத்தில் பம்பு எழும் அழுத்தம், நிற்கும் அழுத்தம், டேங்கின் காற்று அளவு, பக்கெட் சோதனையில் வரவேண்டிய லிட்டர் என்ற நான்கு எண்களையும் அழியாத மையில் எழுதித் தரச் சொல்லுங்கள். உங்கள் கண்முன்னே மெயின் ஸ்விட்ச்சை அணைத்து, மூன்றாம் தளத்துப் பக்கெட் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று திறந்து காட்டச் சொல்லுங்கள். பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்தப் பக்கெட்டைப் பிடித்து, தேதியோடு அதே கதவில் எழுதி வாருங்கள்.